எனக்குப் பொன்னாடை வேண்டாம், மெமோ கொடுங்கள்

நீங்கள் என்னை அவமானப்படுத்தினீர்கள், சார். வாய் தவறிச் செய்யவில்லை, கோபத்தில் செய்யவில்லை. யோசித்து, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை ஏறி, ஒரு பொன்னாடை வாங்கி வந்து அவமானப்படுத்தினீர்கள்.

இதை ஏற்கெனவே மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் படித்தீர்கள். ஆனால் மனு ஒரு பக்கம்தான். அதில் நடந்தது இருக்கும், பட்டது இருக்காது. அதனால் இன்னொரு முறை முழுசாக எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. எல்லோரும் படிக்கட்டும்.

எங்கள் தொழிற்சாலை திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது. வண்டி இன்ஜின்களுக்குப் போடுகிற ரப்பர் வளையம் செய்கிறோம். முன்னூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். நான் செக்கிங்கில் இருக்கிறேன், பதினேழு வருடமாக. வேலை இதுதான்: அச்சிலிருந்து வந்த வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பது, பிசிறு இருந்தால் தள்ளுவது, நல்லதைப் பாக்கெட்டில் போடுவது. பாக்கெட்டுக்குள் நம் நம்பர் எழுதிய சீட்டைப் போட வேண்டும். என் நம்பர் இருபத்து மூன்று. வளையம் வாங்கிய கம்பெனியில் பிசிறு இருந்து பாக்கெட் திரும்பி வந்தால், சீட்டைப் பார்த்து யார் விட்டது என்று கண்டுபிடிப்பார்கள். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர்.

உங்களுக்கு முன்னால் இருந்த மேனேஜர் ரிட்டர்ன் வந்தால் கத்துவார். நன்றாகக் கத்துவார். "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்பார். நாங்களும் முணுமுணுப்போம். மதியம் அவரே வந்து "சாப்ட்டியாம்மா" என்று கேட்டுவிட்டுப் போவார். அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. கத்துகிறவனை நமக்குத் தெரியும், பதில் சொல்லவும் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் கத்தவே இல்லை. வந்த முதல் மாதம் எங்களைப் பார்த்து "வணக்கம் அம்மா" என்றீர்கள். எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் உங்களைப் பிடித்துப் போனது. எனக்கும்தான்.

அப்புறம் காலைக் கூட்டத்தில் பாராட்டு விழா ஆரம்பித்தது. ஷிப்ட் தொடங்கும் முன் அச்சுப் பிரிவு, செக்கிங், பேக்கிங் என்று நூற்றிருபது பேர் வரிசையாக நிற்போம். அன்றைக்கு ரிட்டர்ன் வந்த பாக்கெட்டின் நம்பரை நீங்கள் மைக்கில் படிப்பீர்கள். "இன்று நமது நிறுவனத்துக்குப் பெருமை சேர்த்தவர்" என்பீர்கள். அந்த நம்பர்காரி முன்னால் வர வேண்டும். பக்கத்து மேசைக்காரி பொன்னாடை போர்த்த வேண்டும். எல்லோரும் கைதட்ட வேண்டும். நீங்கள் மொபைலில் போட்டோ எடுத்து கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போடுவீர்கள். கீழே "வாழ்த்துகள்" என்று எழுதுவீர்கள். ஒரு பூங்கொத்துப் படமும் வைப்பீர்கள்.

ஒரே பொன்னாடைதான். சிவப்பில் ஜரிகை போட்டது. உங்கள் மேசை டிராயரில் மடித்து வைத்திருப்பீர்கள். துவைக்கவே மாட்டீர்கள். முன்னால் போர்த்தியவளின் வேர்வை அதில் இருக்கும்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இப்போது பேக்கிங்கில் இருக்கிற ஓர் அம்மாவுக்கு நான்தான் போர்த்தினேன். அப்போது அவர் செக்கிங்கில் என் பக்கத்து மேசையில் இருந்தார். ஜரிகையை நேராக இழுத்துவிட்டு, "போட்டோல நல்லா தெரியட்டும்க்கா" என்று சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துதான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாலைந்து முறை அவருக்கு விழுந்த பிறகு, பேக்கிங்குக்கு மாற்றிக்கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கிப் போனார். பேக்கிங்கில் சம்பளம் குறைவு. ஏன் போனார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பிறகு எனக்கு வந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவது முறை உங்களுக்குக் கூட ஏதோ உற்சாகம் வந்து, "இருபத்து மூன்றாம் எண் இல்லாமல் விழா களைகட்டுவதே இல்லை" என்றீர்கள். நூற்றிருபது பேர் தட்டினார்கள். அச்சுப் பிரிவுப் பையன் ஒருவன் விசில் அடித்தான்.

அந்தப் போட்டோவை யாரோ ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். அது என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. அவருக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. எழுத்துக்கூட்டிப் படிப்பார். "வாழ்த்துகள்" என்று படித்திருக்கிறார். பொன்னாடையைப் பார்த்திருக்கிறார். பின்னால் நூறு பேர் கைதட்டுவதைப் பார்த்திருக்கிறார். அவர் என்னவென்று நினைப்பார்?

நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் டிவிக்கு மேலே என் போட்டோ மாட்டியிருக்கிறது. பெரிசாக, கண்ணாடி போட்டு. மேலே ஒரு மல்லிச் சரம் வேறு.

"இன்னாமே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்றார். "அவார்டு வாங்கிக்கினு வந்து கம்முனு சோறு பொங்கினு கீற. தெருவே கேக்குது. எதிர் வூட்டு அண்ணி ஸ்வீட் எங்கன்னுது."

நான் ஹேண்ட்பேக்கை மாட்டிவிட்டு உள்ளே போனேன்.

"பதினேழு வருசம்மே. இப்பவாச்சும் கண்ணு தெர்ஞ்சுதே அவனுங்களுக்கு" என்றார்.

எட்டு நாள் அந்தப் படம் மாட்டியிருந்தது. எட்டு நாளும் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர் வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். என் அவமானத்துக்கு நானே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன், சார். ஒன்பதாவது நாள் நான்காவது ரிட்டர்ன் வந்தது. அன்றைக்கு ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "நான் வந்து அவன் மூஞ்சில ஒரு துண்டு போத்தட்டா?" என்றார்.

"போத்துனா ஒனக்குக் கேசு, எனக்கு வேல போவும். கம்முனு கெட" என்றேன்.

"அப்ப வேலய வுட்ரு. ஐஸ் கம்பெனில கணக்கு எழுத ஆளு தேடிகினு கீறாங்க."

எனக்கும் அதுதான் தோன்றியது. கோடு போட்ட தாளில் ராஜினாமா எழுதினேன். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று எல்லோரும் எழுதுகிற அதே வரி. கையெழுத்து மட்டும் போடாமல் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். அதற்கு முன் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

ஹெச்.ஆர். சின்ன வயதுப் பெண். உட்காரச் சொன்னார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு, "உங்களைத் தப்பா தொட்டாரா?" என்றார்.

"இல்ல. போத்தினது பக்கத்து மேசைக்காரி."

"ஆபாசமா ஏதாச்சும் பேசினாரா? ஜாதிப் பேரு சொன்னாரா?"

"இல்ல."

"மிரட்டினாரா? சம்பளத்தைப் பிடிச்சாரா?"

"இல்லமா."

"அப்போ என்ன பண்ணாரு?"

"பொன்னாட போத்தினாரு. கைதட்டச் சொன்னாரு."

நான் சொன்னது என் காதுக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவர் பேனாவை மூடினார். "இது மோட்டிவேஷன் ஆக்டிவிட்டிக்கா. ஹராஸ்மென்ட்ல வராது. உங்களுக்கு ஒத்துவரலைன்னா எழுதிக் குடுங்க, மூணு நாள்ல ரிலீவ் பண்ணிடறேன்" என்றார்.

ஒரு சின்னப் புகாருக்கு வழி இல்லை, ராஜினாமாவுக்கு மூன்று நாளில் வழி இருக்கிறது. ஹேண்ட்பேக்கில் கை வைத்தேன். கொடுக்கவில்லை. அதை வாங்க அவர் அவ்வளவு சீக்கிரம் கையை நீட்டியதால்தான் கொடுக்கவில்லை.

அன்று மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். அவளும் நானும் வியாசர்பாடியில் ஒரே ஹவுசிங் போர்டு பிளாக்கில் வளர்ந்தவர்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தியவள் அவள்தான். ஒவ்வொரு முறை போர்த்தும்போதும் என் தோளைக் கிள்ளிவிட்டுப் போவாள். மன்னிச்சிடு என்று அர்த்தம்.

"லேடீஸ் கமிட்டி கீதுல்ல. அதுல குடு" என்றாள்.

"அது வேற மேட்டருக்குமே."

"அட, கொஞ்சம் சேத்து எழுதேன். போத்தச் சொல்லும்போது ஒரு மாரி பாத்தான்னு எழுது. நான் சாட்சி சொல்றேன். மவன் நாளைக்கே பெட்டியக் கட்டுவான்."

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. நானும் இல்லை என்று உடனே சொல்லவில்லை. ஒரு வாய்ச் சோறு மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்தேன். அப்புறம் வேண்டாம் என்றேன். நான் பெரிய யோக்கியம் என்பதால் இல்லை. நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை, சார். செய்யாததை எழுதினால், செய்தது பொய்யாகிவிடும். பொய் என்று நிரூபித்துவிட்டு நீங்கள் நல்லவராக வெளியே போவீர்கள். அந்தக் கமிட்டிக்கு நாளைக்கு உண்மையாகவே ஒருத்தி போக வேண்டியிருக்கும். அவளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கமிட்டியிடம் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்ல. அதில் வெளியிலிருந்து வருகிற ஓர் உறுப்பினர் உண்டு, பெண்கள் அமைப்பில் வேலை செய்கிறவர். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "பாலியல் தொந்தரவு இல்லாததை நாங்க விசாரிக்க முடியாதும்மா. எங்க அதிகாரம் அதோட முடியுது" என்றார். நான் எழுந்தேன். "உக்காருங்க. எங்க சட்டத்துல வராதுன்னா எதுலயும் வராதுன்னு அர்த்தமா? உங்க கம்பெனி நிலையாணை படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நிலையாணை என்றால் கம்பெனி நடக்க வேண்டிய விதிகள். ஷிப்ட் நேரம், லீவு, தண்டனை எல்லாம் அதில் இருக்கும். தொழிலாளர் துறை சான்று கொடுத்திருக்க வேண்டும். தமிழிலும் வாசல் பக்கம் பலகையில் மாட்டியிருக்க வேண்டும். பதினேழு வருடம் அந்த வாசல் வழியாகப் போய் வந்திருக்கிறேன். பார்த்ததே இல்லை.

வருகை பதிகிற டைம் ஆபீஸ் பக்கம் தேடினேன். கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்கு முன்னால் தண்ணீர்க் கேன்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. செக்யூரிட்டி அண்ணனைக் கேன்களை நகர்த்தச் சொன்னேன்.

"இன்னாம்மா, அதுல மோகினி கீதா, இன்னா படிக்கப் போற?" என்றார். "நா வந்து ஆறு வருசம் ஆவுது, ஒரு ஆளு அத்தத் தொட்டதில்ல."

"நீ நவுத்துண்ணா. உள்ள இன்னா கீதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

எழுத்து சின்னது. கண்ணாடியில் தூசி. நின்றுகொண்டே படித்தேன். அடுத்தடுத்து மூன்று நாள் மதியம் போய்ப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்ததில் இரண்டு விஷயம் எனக்கானது. என்னென்ன தண்டனை கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது: எச்சரிக்கை, அபராதம், சஸ்பெண்ட், டிஸ்மிஸ் என்று. எதைக் கொடுப்பதாக இருந்தாலும் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, தொழிலாளி சொல்வதைக் கேட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. பொன்னாடை அந்தப் பட்டியலில் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தேன். கைதட்டலும் இல்லை.

இன்னொன்று கடைசிப் பக்கம். நிர்வாகமோ அதன் ஆளோ ஒரு தொழிலாளியை முறையில்லாமல் நடத்தினால், மேலாளரிடம் புகார் கொடுக்கலாம், அவருக்கு மேலே முதலாளியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. முறையில்லாமல் நடத்துவது என்றுதான் இருந்தது. தொட்டிருக்க வேண்டும், திட்டியிருக்க வேண்டும், மிரட்டியிருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஹெச்.ஆர். கேட்ட கேள்வி எதுவும் அதில் இல்லை.

ஆனால் மேலாளர் என்றால் நீங்கள்தானே. உங்களைப் பற்றிய புகாரை உங்களிடமே கொடுக்க வேண்டும்.

தொழிற்சங்கச் செயலாளரிடம் போனேன். டோல்கேட் பக்கம் டீக்கடையில் பிடித்தேன். முதலில் அவரும் இழுத்தார்.

"ஒத்த ஆளு பிரச்சனய தொழில் தகராறா எடுக்க முடியாதும்மா. உன்ன டிஸ்மிஸ் பண்ணாத்தான் நீ தனியா லேபர் ஆபீஸ் போலாம். மத்ததுக்கு சங்கம் எடுக்கணும், இல்லாங்காட்டி கணிசமா ஆளுங்க கூட நிக்கணும்."

"சங்கம் எடுங்க அண்ணே."

"போனஸ் பேச்சு ஓடிகினு கீது. இப்பப் போயி பொன்னாடைன்னா சிரிப்பானுங்க."

"நீங்களும்தான் கை தட்டினீங்க. நா பாத்தேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "குறைதீர்க்கும் குழுன்னு ஒண்ணு கீது" என்றார். இருபது பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் இருந்தாக வேண்டுமாம். நிர்வாகத்துக்கு மூன்று பேர், எங்களுக்கு மூன்று பேர். எங்கள் மூன்றில் அவரும் ஒருவர். "இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் பேரு எழுதி வச்சது. ஒருவாட்டி கூடக் கூடல. நீ எழுத்துல குடு. வாங்கிட்டா நாப்பத்தஞ்சு நாள்ல முடிக்கணும்." அப்போதைய சட்டத்தில் நாற்பத்தைந்து. புதுச் சட்டத்தில் முப்பது என்று இப்போது சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். "ஒரு விஷயம். அவன் குடுக்குற வேலய மட்டும் மாட்டேன்னு சொல்லிடாத. மறுத்தா அது கீழ்ப்படியாமைன்னு ஆயிடும். உன்னய அதுல சிக்க வச்சிடுவான். செய்யி, செஞ்சிட்டு எழுதிக் குடு."

இரண்டு மனு எழுதினேன். ஒன்று குழுவுக்கு. இன்னொன்று உங்களுக்கு, நிலையாணைப்படி. நான் எழுதியதில் பிழை அதிகம். பக்கத்து மேசைக்காரியின் மகள் திருத்தித் தந்தாள். நாள், கூட்டத்தில் நீங்கள் பேசியது, போட்டோ போட்ட நேரம் எல்லாம் வரிசையாக. அதில் "கேவலமான ஆள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "ஆன்ட்டி, அது உங்க கருத்து. அடிச்சிடலாம்" என்றாள். அடித்தோம். இங்கே எழுதுகிறேன்: கேவலம்தான்.

மனுவை உங்கள் மேசையில் வைத்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "என் மேலயே எனக்கா?" என்றீர்கள். "போர்டுல அப்படித்தான் சார் கீது. வாங்கிக்கினதுக்கு நகல்ல கையெழுத்துப் போடுங்க" என்றேன். யோசித்துவிட்டுப் போட்டீர்கள். ராஜினாமா அன்றைக்கும் என் பையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி ரிட்டர்ன். மைக்கில் இருபத்து மூன்று என்றீர்கள். குரல் வழக்கத்தைவிட இனிப்பாக இருந்தது. நான் முன்னால் வந்தேன். பக்கத்து மேசைக்காரி பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எனக்குப் பொன்னாட வேணாம் சார். மெமோ குடுங்க" என்றேன்.

எங்கள் தொழிற்சாலையில் மெமோவைக் கேட்டு வாங்கியவள் யாரும் கிடையாது. மெமோ என்றால் தப்புக்கு விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுப்பது. மூன்று மெமோ சேர்ந்தால் விசாரணை, விசாரணை என்றால் வேலை போகிற வழி. வரிசையில் யாரோ, "லூசா இது?" என்றார்கள். சத்தமாகவே கேட்டது.

"மெமோ குடுத்தா ரெக்கார்டுல ஏறும்மா. நான் உங்க நல்லதுக்குத்தான் இப்படி லைட்டா பண்றேன்" என்றீர்கள்.

"ரெக்கார்டுல ஏறட்டும். மெமோன்னா பதில் எழுதலாம். இதுக்குப் பதில் எங்க எழுதறது?"

நீங்கள் கைதட்டச் சொல்லி ஜாடை காட்டினீர்கள். பாதிப் பேர் தட்டினார்கள். பாதிப் பேர் தட்டவில்லை. பக்கத்து மேசைக்காரி பொன்னாடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் மைக் ஸ்டாண்டில் மாட்டினாள். வரிசையில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த ஒரு நாள்தான் அந்தச் சிரிப்பு உங்களைப் பார்த்து வந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அந்தச் சந்தர்ப்பத்தில் இன்னொன்றும் செய்தேன். பேக்கிங் வரிசையைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு உனக்குப் போத்தினது நான்தான். சிரிச்சதும் நான்தான். தப்பு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

மெமோ சாயங்காலமே வந்தது. மூன்று நாளில் விளக்கம். எழுதினேன். என் மேசைக்கு மேலே டியூப்லைட் ஒரு மாதமாக எரிந்து எரிந்து அணைகிறது, மெயின்டனன்ஸ் புத்தகத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பக்கத்தையும் தேதியையும் பாருங்கள் என்று எழுதினேன். ஐந்து முறை எனக்குப் பொன்னாடை எடுத்தீர்கள். மேலே பார்த்து லைட் எரிகிறதா என்று ஒரு முறை கூடக் கேட்கவில்லை. மறுநாள் லைட் மாற்றினார்கள். அந்த மெமோ மேல் நடவடிக்கை இல்லை.

அதற்குப் பிறகு வந்த ரிட்டர்ன் என் தப்பு. கண் அசந்துவிட்டேன். அப்படியே ஒத்துக்கொண்டு எழுதினேன். எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வாங்கிக்கொண்டேன். தப்புக்கு அதுதான் முறை. எனக்கு அதில் கோபம் இல்லை.

நடுவில் என்னை அச்சுப் பிரிவுக்கு மாற்றினீர்கள். அங்கே சூட்டில் நின்றபடி வளையங்களை எண்ண வேண்டும். செயலாளர் சொன்னது போல மறுக்காமல் போனேன், ஆட்சேபனையை எழுதிக் கொடுத்துவிட்டு. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி தர வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் இருக்கிறது என்றார் அவர். ஸ்டூல் கேட்டு எழுதினேன். நாலாம் நாள் ஸ்டூல் வந்தது. ஒரு கால் ஆடும் ஸ்டூல். பரவாயில்லை.

குழு கூடியது. நாற்பத்தைந்து நாளில் நாற்பத்து மூன்றாம் நாள். கான்பரன்ஸ் அறை, ஏ.சி., பிஸ்கட். நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தீர்கள். "நான் யாரையும் ஒரு வார்த்தை கெட்டதா பேசினது இல்லை. நிரூபிக்கட்டும்" என்றீர்கள். நான், "ஆமா சார், பேசல" என்றேன். நிர்வாகத் தரப்பில் ஒருவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அப்போது செயலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நல்லா வேல செஞ்சவங்க யாருக்காவது பொன்னாட போத்தினீங்களா?"

நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள்.

"அப்ப இது பாராட்டு இல்ல. தண்டனைன்னா நிலையாணைல எந்தப் பிரிவு?"

நீங்கள் பதில் சொல்லவில்லை. அதுவும் குறிப்பில் ஏறியது. ஆறு பேரும் சேர்ந்து மூன்று விஷயத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். தவறுகளுக்குக் கூட்டத்தில் பொன்னாடை, கைதட்டல் இனி கூடாது. போட்டோக்களை நீக்க வேண்டும். தரக் குறைபாட்டை நிலையாணைப்படி எழுத்து மூலம்தான் கேட்க வேண்டும். நான் கேட்ட நாலாவதுக்கு நிர்வாகத்து மூவரும் கையெழுத்துப் போடவில்லை. நாலாவது, நீங்கள் காலைக் கூட்டத்தில் தவறு என்று சொல்ல வேண்டும் என்பது. "புரிதல் குறைபாடு" என்று எழுதி முடித்தார்கள்.

முதலாளிக்கு மேல்முறையீடு செய்தேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. உங்களுக்கு அறிவுரை கூறப்பட்டது, வழக்கம் நிறுத்தப்பட்டது, நான் பழைய மேசைக்குத் திரும்பலாம் என்று இரண்டு பத்தி. எங்கே, யார் முன்னால், என்ன அறிவுரை கூறினார்கள் என்று அதில் இல்லை.

இதற்கு மேலே கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு இது இல்லை என்று எனக்குத் தெரியும். வக்கீல் ஒருவரிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். கிடைத்ததைச் சின்னது என்று சொல்ல மாட்டேன். இந்த எட்டு மாதத்தில் எங்கள் செக்‌ஷனில் யாரும் பொன்னாடை போர்த்திக்கொள்ளவில்லை. பேக்கிங் அக்கா செக்கிங்குக்குத் திரும்ப விண்ணப்பித்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. ராஜினாமாத் தாளைக் கிழித்துவிட்டேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருபத்து மூன்று நான்தான்.

இப்போது நீங்கள் காலைக் கூட்டத்தில் ரிட்டர்ன் நம்பரைப் படிப்பதில்லை. உற்பத்தி எண்ணிக்கை, பாதுகாப்பு, நன்றி, முடிந்தது. மைக்கை அணைத்துவிட்டு வேகமாகப் போய்விடுகிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் ரொம்ப மரியாதையானவர் என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

என்னை நூற்றிருபது பேர் முன்னால் நிறுத்தினீர்கள். உங்களைக் கதவு சாத்திய அறைக்குள் அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். என் தப்புக்கு மைக், உங்கள் தப்புக்கு ஏ.சி. இது கணக்கில் நேராகவில்லை, சார்.

மன்னிப்பு கேட்கவில்லை நான். அது உங்களிடமிருந்து வந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. நான் கேட்பது ஒரு பதில். குழுவில் உங்களிடம் கேட்டது, தண்ணீர் குடித்துவிட்டு நீங்கள் விட்டது. திங்கட்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் முன், அதே இடத்தில், அதே மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் வரிசையில் நிற்கும்போது சொல்லுங்கள்: நீங்கள் எங்களுக்குப் போர்த்தியது பாராட்டா, தண்டனையா? பாராட்டு என்றால் ஏன் நிறுத்தினீர்கள்? தண்டனை என்றால் யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

நான் முதல் வரிசையில் நிற்பேன். சொல்லுங்கள்.